0/0 வந்துவிட்டால் என்ன செய்வது? எல்லைக் கணக்குகள் பற்றிய கேள்வி பதில்

இணைந்த கணிதம் செய்கிற பிள்ளைகள் கொஞ்ச நாளாகவே எல்லைகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பதில் எழுதுகிறேன். தலவாக்கலையில் மாலை வகுப்பு எடுக்கிறவன் என்பதால் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது ஓரளவு தெரியும். அதற்கு மேல் பெரிய தகுதி ஒன்றும் இல்லை.

லிந்துலையிலிருந்து: சேர், x ≠ 0 எனில் f(x) = (1 − cos 2x) / (x(√(9 + x) − 3)), f(0) = k. x = 0 இல் தொடர்ச்சியாக இருக்க k என்ன? பிரதியிட்டால் 0/0 வருகிறது, அதோடு நிற்கிறேன்.

நிற்க வேண்டிய இடம் அதுதான் தம்பி, ஆனால் கொஞ்ச நேரம்தான். 0/0 என்பது விடை இல்லை. தொகுதியிலும் பகுதியிலும் x = 0 இல் பூச்சியமாகிற ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது, அதைத் தேடிப் பிடித்து வெட்டு என்று கணக்கு உனக்குச் சொல்கிறது, அவ்வளவுதான்.

பகுதியைப் பார். வெளியே ஒரு x நிற்கிறது. √(9 + x) − 3 உம் x = 0 இல் பூச்சியம், ஆனால் வர்க்கமூலம் மறைத்துக்கொண்டிருப்பதால் அதற்குள் இருக்கிற x கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் உள்ள குறியை மட்டும் மாற்றி √(9 + x) + 3 ஆல் மேலும் கீழும் பெருக்கினால் (9 + x) − 9, அதாவது வெறும் x வெளியே வந்துவிடும். ஆக, பகுதியில் மொத்தம் x². அப்படியானால் தொகுதியிலும் x² அளவுக்கு ஏதாவது இருந்தால்தான் முடிவான ஓர் எண் கிடைக்கும். 1 − cos 2x = 2 sin²x, அங்கே இருக்கிறது. இப்போது எழுது:

f(x) = 2 sin²x · (√(9 + x) + 3) / x²
= 2 · (sin x / x)² · (√(9 + x) + 3)

x → 0 ஆகும்போது sin x / x → 1, அடைப்புக்குறி 3 + 3 = 6. ஆகவே எல்லை 2 × 1 × 6 = 12. f(0) = k. இரண்டும் சமமாக இருக்கவேண்டும், k = 12.

பெருக்கியபின் √(9 + x) + 3 ஐ அப்படியே விட்டுவிடு. அது பூச்சியமாகப் போவதில்லை, அதை விரித்துக் கிண்டினால் நேரம்தான் போகும். பகுதி A இல் ஒரு கேள்விக்கு 25 புள்ளி, பத்துக் கேள்விக்கும் விடை எழுதவேண்டும். எந்தக் காரணி பூச்சியமாகிறது, எது ஆகவில்லை என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால் கணக்குப் பாதி முடிந்த மாதிரி.

பண்டாரவளையிலிருந்து: மேலே உள்ள கணக்கில் k = 5 என்று தந்தால் எல்லை இல்லாமல் போய்விடும்தானே? தொடர்ச்சி இல்லை என்றால் எல்லையும் இல்லை என்றுதான் நான் படித்தேன்.

ஒரு பக்கம் சரி, மறுபக்கம் தலைகீழ். எல்லை இல்லை என்றால் தொடர்ச்சி இல்லை, அது உண்மை. ஆனால் தொடர்ச்சி இல்லாததால் எல்லை இல்லை என்று சொல்ல முடியாது. f(0) ஐ 5 என்று வை, 500 என்று வை, எல்லை 12 தான். எல்லை எடுக்கும்போது x என்பது 0 ஐ நெருங்குகிறதே தவிர 0 ஆகவே இல்லை, அதனால் அந்த ஒரு புள்ளியில் யார் என்ன பெறுமானம் வைத்தார்கள் என்பது எல்லைக்குத் தெரியவே தெரியாது. k = 5 என்றால் வளையியில் அந்த ஒரு புள்ளி மட்டும் இடம் மாறிக் கீழே கிடக்கும். f(0) இருக்கிறது, எல்லையும் இருக்கிறது, இரண்டும் சமமில்லை. தொடர்ச்சி போனது அந்த மூன்றாவது இடத்தில்தான்.

ஹட்டனிலிருந்து: பௌதிகவியலில் ஊசலுக்கு sin θ = θ என்று போடுகிறோமே, இங்கேயும் அப்படிப் போட்டு (tan x − sin x)/x³ செய்தேன். மேலே x − x, விடை 0. புத்தகத்தில் 1/2. புத்தகம் பிழையா?

புத்தகம் சரி. பெருக்கத்திலோ வகுத்தலிலோ sin x க்குப் பதிலாக x போட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடுவாய், காரணம் அங்கே sin x / x என்ற விகிதம்தான் உள்ளே வேலை செய்கிறது. கழித்தலில் போட்டால் மாட்டிக்கொள்வாய். sin x உம் x உம் சமமில்லை, கிட்டத்தட்ட x³/6 அளவுக்கு வித்தியாசம் உண்டு. tan x க்கும் x க்கும் கிட்டத்தட்ட x³/3 வித்தியாசம், அதுவும் எதிர்ப்பக்கம். கீழே நிற்பது x³. ஆக நீ சின்னதுதானே என்று தூக்கி எறிந்தாயே, அந்தத் துண்டுதான் விடையே: 1/3 + 1/6 = 1/2.

தாளில் இப்படி எழுதாதே, இது உனக்கு விளங்கச் சொன்னது. தாளில்:

tan x − sin x = sin x (1 − cos x) / cos x

1 − cos x = 2 sin²(x/2). ஆகவே கோவை (sin x / x) · (2 sin²(x/2) / x²) · (1 / cos x). நடுவில் இருப்பதை ½ · (sin(x/2) / (x/2))² என்று எழுது. எல்லை 1 × ½ × 1. சைனுக்குள் என்ன இருக்கிறதோ அதே கீழேயும் இருக்கவேண்டும், அந்த x/2 ஐச் சரிக்கட்டாமல் விடுகிறவர்கள்தான் விடையை 2 என்று எழுதுகிறார்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: √(1 − cos 2x)/x, x → 0. எனக்கு √2 வந்தது. சரிதானே சேர்?

பாதி சரி தங்கச்சி. 1 − cos 2x = 2 sin²x வரைக்கும் நல்லாத்தான் போயிருப்பாய், அதற்கு வர்க்கமூலம் எடுத்து √2 sin x என்று எழுதியிருப்பாய். அங்கேதான் வழுக்கும். √(sin²x) என்பது sin x இல்லை, |sin x|. வர்க்கமூலம் மறைப்பெறுமானம் தராது.

வலப்பக்கமிருந்து வந்தால் x > 0, sin x நேர், கோவை √2 · sin x / x, எல்லை √2. இடப்பக்கமிருந்து வந்தால் x மறை, |sin x| = −sin x, எல்லை −√2. இடக்கை எல்லையும் வலக்கை எல்லையும் வேறு வேறு, ஆகவே x → 0 இல் எல்லை இல்லை. இதில் f(0) க்கு என்ன பெறுமானம் கொடுத்தாலும் தொடர்ச்சியாக்க முடியாது. லிந்துலைத் தம்பியின் கணக்கில் ஒரு புள்ளியைத்தான் நிரப்பவேண்டியிருந்தது, இங்கே வளையியே 2√2 உயரத்துக்குத் தாவுகிறது.

மட்டு, வர்க்கமூலத்துக்குள் வர்க்கம், x < a க்கு ஒரு சூத்திரம் x > a க்கு இன்னொன்று, இந்த மூன்றில் எதைக் கண்டாலும் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே எடு. மற்றக் கணக்குகளில் இரண்டு பக்கமும் ஒரே சூத்திரம் என்றால் அவசியமில்லை.

ஒரு தந்தை, நானுஓயா: மகள் வீட்டில் கல்குலேட்டரில் 0.01 க்கு சைன் எடுத்து 0.01 ஆல் வகுத்தாள், 0.01745 வருகிறது. 1 வரவேண்டும் என்கிறாள். பொத்தான் பழுதா?

பழுதில்லை அண்ணன், அது பாகையில் நிற்கிறது. ஆரையனுக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், 0.99998 வரும். 0.01745 என்பது π/180. sin x / x → 1 என்பது x ஆரையனில் இருந்தால் மட்டுமே உண்மை. மகள் விடையைச் சரிபார்க்க நினைத்ததே நல்ல பழக்கம், ஆனால் பரீட்சை மண்டபத்தில் கல்குலேட்டர் கிடையாது.

கொட்டகலையிலிருந்து: (1 − tan x)/(4x − π), x → π/4. இதில் sin x / x ஐ எப்படிக் கொண்டுவருவது? x பூச்சியத்துக்குப் போகவில்லையே.

போகவைக்கவேண்டும். x = π/4 + t என்று வை, அப்போது t → 0, பகுதி 4t. tan(π/4 + t) = (1 + tan t)/(1 − tan t), அதை 1 இலிருந்து கழித்தால் −2 tan t/(1 − tan t). ஆகவே கோவை −½ · (tan t / t) · 1/(1 − tan t), எல்லை −½. எந்த எண்ணுக்குப் போனாலும் இதே வழிதான். x இலேயே நின்று போராடினால் முடியாது என்று சொல்லமாட்டேன், பக்கம் பக்கமாகப் போகும்.

பதுளையிலிருந்து: அண்ணா கம்பஸில் படிக்கிறார், லோப்பித்தால் விதி சொல்லித்தந்தார். மேலும் கீழும் வகையிட்டால் ஒரே வரியில் விடை. நாங்கள் ஏன் இவ்வளவு சுற்றுகிறோம்?

உங்கள் பாடத்திட்டத்தில் அது இல்லை. அதோடு இன்னொரு சிக்கல்: sin x இன் வகையீடு cos x என்று நிறுவுவதற்கே sin x / x → 1 வேண்டும். அந்த எல்லையையே லோப்பித்தாலால் எடுத்தால் வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பாய்.

இன்னொன்று, 0/0 அல்லது ∞/∞ இல்லாத இடத்தில் அந்த விதியைப் போட்டால் பிழையான விடை சத்தமில்லாமல் வரும். (x + 2)/(x + 1) ஐ x → 0 க்கு எடுத்துப் பார், நேரே பிரதியிட்டால் 2, வகையிட்டால் 1. ஆகவே வேலைத்தாளின் ஓரத்தில் விடையைச் சரிபார்க்கப் பயன்படுத்து. விடைத்தாளில் வழியாக எழுதி, அதற்குப் புள்ளி தருவார்களா என்று என்னிடம் கேட்காதே.

மீண்டும் ஹட்டனிலிருந்து: ஒவ்வொரு வரியிலும் lim எழுதணுமா? எங்கள் வகுப்பில் எழுதணும் என்கிறார்கள், கூட்டாளியின் வகுப்பில் தேவையில்லை என்கிறார்கள்.

எல்லை எடுக்காத வரைக்கும் lim எழுது, எடுத்த வரியில் விடு, இதுதான் என் வகுப்பில் சொல்வது. lim எழுதாமலே f(x) ஐத் தனியாகச் சுருக்கிவிட்டுக் கடைசியில் ஒரு தடவை எல்லை எடுத்தாலும் கணிதத்தில் பிழையில்லை, மேலே லிந்துலைத் தம்பிக்கு நானே அப்படித்தான் எழுதினேன். பிழை என்னவென்றால் lim (1 − cos 2x)/… = 2(sin x / x)² (…) என்று இடப்பக்கம் மட்டும் lim போட்டு வலப்பக்கம் விட்டுவிடுவது, ஏனென்றால் இடப்பக்கம் ஓர் எண், வலப்பக்கம் ஒரு சார்பு. அதற்குப் புள்ளி வெட்டுவார்களா என்பதில் விடைத்தாள் திருத்தப் போய்வந்த இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். நீ எழுதிவிடு.