அரிச்சல்முனை மணலில் ஒட்டிய மணமக்கள்: நிழல் குறித்த கேள்வி பதில்

பாம்பன், பிளெக்ஸ் கடைக்காரர்: ஸ்டுடியோவில் எடுத்த மணமக்கள் படத்தை வெட்டி அரிச்சல்முனைக் கரையில் வைத்து, நிழலும் போட்டேன். ஆனாலும் ஒட்டியது போலவே தெரிகிறதே, ஏன் அண்ணே?

பின்னால் கிடக்கும் வள்ளத்தின் நிழல் இடப்பக்கம் விழுகிறது. ஆகவே வெயில் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. மணமகனின் மூக்கு நிழலோ வலப்பக்கம் சாய்ந்திருப்பதால், தரையில் நீங்கள் எப்படி நிழல் போட்டாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மணமக்களை இடவலமாகத் திருப்பினால் முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும். அதனால் பின்னணியைத் திருப்புங்கள். வள்ளத்தின் பதிவு எண் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரியும், அதை மட்டும் அழித்துவிட வேண்டும்.

கீழக்கரை, மாணவர்: சூரியன் ஒன்றுதானே? படத்தில் எல்லா நிழலும் இணைகோடாகத்தானே இருக்க வேண்டும்?

தரையில் அப்படித்தான். படத்தில், வெயில் நேர் பக்கவாட்டில் இருந்தால் மட்டுமே அது பொருந்தும். சூரியன் கேமராவுக்கு எதிரே இருந்தால், அதற்கு நேர் கீழே தொடுவானத்தில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து நிழல்கள் விரிந்து வரும். படத்திலுள்ள இரண்டு நிழல்களைக் கோடாக நீட்டி அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மணமகனின் பாதம் வழியாகக் கோடு இழுத்தால் திசை கிடைத்துவிடும்.

மண்டபம், ஆல்பம் வடிவமைப்பாளர்: Gaussian Blur எவ்வளவு வைக்க வேண்டும்?

நிழல் முழுவதற்கும் ஒரே அளவு வைப்பதுதான் பெரும்பாலான படங்களைக் கெடுக்கிறது. சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலமுள்ள வட்டமாகத் தெரிவதால், நிழலின் ஓரம் ஒரு மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. கலைகிறது. வெயில் 30 டிகிரி உயரத்தில் இருந்தால், 170 செ.மீ. உயரமுள்ளவரின் தலையிலிருந்து அதன் நிழல் வரை 340 செ.மீ.; அங்கே கலைவு 3 செ.மீ.க்குச் சற்று மேல், பாதத்திலோ அநேகமாக இல்லை. ஆள் 1700 பிக்சல் உயரம் என்றால், தலை நிழலுக்கு Radius 8 வைத்துத் தொடங்கலாம். கலைக்காத நிழல் ஒன்று, கலைத்த நிழல் ஒன்று என இரண்டு லேயர் வைத்து, பாதத்திலிருந்து தலை வரை மாஸ்க்கில் கிரேடியன்ட் இழுத்துவிடுங்கள்.

பாம்பன், முதலில் கேட்டவர்: நான் கருப்பை 60 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். மணல் அழுக்கானது போல இருக்கிறது.

வெயில் படாத மணலுக்கும் வானத்தின் நீல வெளிச்சம் கிடைக்கிறது. கருப்பில் அது வராது. வள்ளத்தருகே வெயில் மணலையும் நிழல் மணலையும் ஐட்ராப்பரால் எடுங்கள். வெயிலில் 220, 200, 170. நிழலில் 92, 92, 89 என்று வந்ததாகக் கொள்வோம். நிழல் எண்ணை வெயில் எண்ணால் வகுத்து 255-ஆல் பெருக்கினால் 107, 117, 133 என்ற நீலச் சாம்பல் கிடைக்கும். அந்த நிறத்தை Multiply-யில், Opacity 100 வைத்து நிரப்புங்கள். மணலில் பட்டுத் திரும்பும் மஞ்சள் ஒளியை மணமகனின் தாடைக்கு அடியிலும் வேட்டியின் கீழ்ப்பகுதியிலும் மெலிதாகச் சேர்க்கவும் வேண்டும்.

ஏர்வாடி, வாசகர்: என் செல்போனில் பொழுது சாய்ந்த பிறகு எடுக்கும் கடற்கரைப் படங்கள் எல்லாமே நீலமாக வருகின்றன. அதற்கும் இந்தக் கணக்குத்தானா?

இல்லை ஐயா, அது படம் முழுவதற்குமான ஒயிட் பேலன்ஸ் சிக்கல். முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மண்டபம், ஆல்பம் வடிவமைப்பாளர்: மெல்லிய மேகம் மூடிய நாளில் எடுத்த பின்னணி என்றால்?

அப்போது அந்த 1 செ.மீ. கணக்கு செல்லாது. மேகத்தின் அடர்த்தியைப் பொறுத்து ஓரம் எவ்வளவு வேண்டுமானாலும் கலையும். படத்திலேயே உள்ள ஒரு கம்பத்தின் நிழலைப் பார்த்து, கண்ணால் ஒப்பிட்டுத்தான் போட முடியும். கம்பமும் இல்லாத வெறும் மணல் என்றால், நான் அந்தப் பின்னணியை எடுத்துக்கொள்வதில்லை.