பெல்டியர் கூலிங் பாக்ஸ்: ஹீட் சிங்க் அளவும் பேட்டரி கணக்கும்

கேள்வி: 10 லிட்டர் தெர்மோகோல் பெட்டியில் TEC1-12706 பெல்டியர் ஒன்றைப் பொருத்தி 12 வோல்ட் கொடுத்தேன். முதல் பத்து நிமிடம் நன்றாகக் குளிர்கிறது, அப்புறம் குளிர் குறைந்துகொண்டே போகிறது. இன்னொரு மாட்யூல் சேர்க்கலாமா? எந்த அளவு ஹீட் சிங்க் வேண்டும்? 12V 7Ah பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓடும்?

பதில்:

இப்போதைக்கு இன்னொரு மாட்யூல் வேண்டாம். முதலில் வோல்டேஜைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். 6 வோல்ட்டில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டால், 12 வோல்ட்டில் எட்டியதைவிட உள்ளே நன்றாகவே குளிர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி நடந்தால் மாட்யூலில் பழுதில்லை, ஹீட் சிங்க் போதவில்லை என்று பொருள்.

பெல்டியர் மாட்யூல், பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அதோடு, அது குடிக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறி அதே சூடான பக்கம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். முதல் பத்து நிமிடம் அலுமினியக் கட்டியே அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்வதால் எல்லாம் சரியாக நடப்பதுபோல் தெரியும். கட்டி சூடேறியதும், 4 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அந்த மாட்யூல் வழியாகவே சூடு திரும்பக் குளிர்ப் பக்கம் வரத் தொடங்கும். கணக்காக எழுதினால் இப்படி:

```
Qc = α·Tc·I − ½·I²·R − K·ΔT
P  = α·ΔT·I + I²·R
```

முதல் வரியில் இருப்பது உள்ளிருந்து இழுக்கும் வெப்பம், இரண்டாவது மின்செலவு. Tc குளிர்ப் பக்கத்தின் வெப்பநிலை, கெல்வினில். ΔT இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம். I கரண்ட், R மாட்யூலின் மின்தடை, α ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு மாட்யூலில் உண்டாகும் வோல்டேஜ், K ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு மாட்யூல் வழியாகத் திரும்பக் கசியும் வாட். 12706 மாட்யூலுக்கு α சுமார் 0.05, R சுமார் 2.1 ஓம், K சுமார் 0.5 என்று வைத்துக்கொண்டால் டேட்டாஷீட் வரைபடங்களுக்கு ஓரளவு பக்கத்தில் வரும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இழுக்கும் வேலை கரண்டோடு நேராகக் கூடுகிறது, உள்ளே உண்டாகும் சூடோ கரண்டின் வர்க்கத்தில் கூடுகிறது. அதனால் ஓர் அளவுக்கு மேல் கரண்டை ஏற்றினால் ஹீட் சிங்க்குக்குத்தான் பாரம்.

சரி, பெட்டியிலிருந்து தொடங்குவோம். ஹீட் சிங்க்கைப் பற்றி யோசிக்கும் முன் பெட்டிக்குள் எவ்வளவு வெப்பம் கசிகிறது என்று தெரிய வேண்டும். உள்ளளவு 20 × 20 × 25 செ.மீ., அதாவது 10 லிட்டர். சுவர் 5 செ.மீ. கெட்டித் தெர்மோகோல். வெளியே 35 டிகிரி, உள்ளே 15 டிகிரி வேண்டும். உள் பரப்புக்கும் வெளிப் பரப்புக்கும் இடைப்பட்ட சராசரியாக 0.41 சதுர மீட்டர் எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 0.3 வாட் கசியும். 20 டிகிரிக்கு 6 வாட். மூடி இடுக்கு, ஒயர் துளை, உள் ஃபேன் தரும் சூடு எல்லாம் சேர்த்து 8.5 வாட் என்று வைப்போம். இதே பெட்டியை 3 செ.மீ. சுவரில் செய்தால் சுவர்க் கசிவு மட்டுமே 8 வாட்டைத் தாண்டிவிடும். இந்த மாதிரி பெட்டியில் செலவழிக்கும் முதல் நூறு ரூபாய் தெர்மோகோலுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

இனி மாட்யூல். உள்ளே காற்று 15 டிகிரியில் இருக்கவேண்டுமானால் குளிர்ப் பக்கம் 10 டிகிரியில் இருக்க வேண்டும், உள் ஹீட் சிங்க்குக்கு அந்த 5 டிகிரி இடைவெளி தேவை. சூடான பக்கத்தை 44 டிகிரியில் நிறுத்துவோம் என்று முடிவு செய்கிறேன். ஆக ΔT 34. மேலே உள்ள சூத்திரத்தில் 2.5 ஆம்பியர் போட்டால் 35.4-லிருந்து 6.6-ஐயும் 17-ஐயும் கழிக்க, இழுப்பு கிட்டத்தட்ட 11.8 வாட். மின்செலவு 17.4 வாட், வோல்டேஜ் 7. தேவை 8.5 வாட் என்பதால் கொஞ்சம் கையிருப்பும் இருக்கிறது. இதையே 12 வோல்ட்டில், அதே ΔT-யில் ஓட்டினால் இழுப்பு 27 வாட் ஆகும், ஆனால் செலவு 59 வாட்டுக்குப் போகும். தேவையில்லாத குளிர், மூன்று மடங்குக்கும் மேல் மின்சாரம்.

ஹீட் சிங்க் அளவு இப்போது தானாகவே வந்துவிடும். சூடான பக்கம் வெளியேற்ற வேண்டியது 11.8 + 17.4, அதாவது 29 வாட். அனுமதித்த ஏற்றம் 44 கழித்தல் 35, அதாவது 9 டிகிரி. ஒன்பதை இருபத்தொன்பதால் வகுத்தால் ஒரு வாட்டுக்கு 0.3 டிகிரி. கடையில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் புரியாது, பொருளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெல்டியர் கிட்டோடு வரும் 10 செ.மீ. அலுமினியம், சின்ன ஃபேன் வகை ஒரு வாட்டுக்கு ஒரு டிகிரி பக்கத்தில்தான் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய டெஸ்க்டாப்பில் வரும் வட்டமான சிபியு கூலர் 0.4-ஐ ஒட்டி வரும். நான்கு ஹீட் பைப்பும் 120 மி.மீ. ஃபேனும் உள்ள டவர் கூலர் 0.2 அளவில் நிற்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பழைய டவர் கூலர் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். அதன் அடித்தட்டு மாட்யூலின் 40 மி.மீ. முகம் முழுவதையும் மூடுகிறதா என்று மட்டும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மூடவில்லையென்றால் நடுவில் ஒரு தட்டையான செம்புத் தகடு வேண்டும்.

உங்கள் பெட்டியில் இருப்பது அந்த ஒரு டிகிரி வகை என்றால், 12 வோல்ட்டில் அது 45 வாட்டுக்கு மேல் தள்ள வேண்டியிருக்கும். சூடான பக்கம் எண்பதைத் தாண்டும், உள்ளே 25-ஐ ஒட்டி நின்றுவிடும். அதே ஹீட் சிங்க்கை 6 வோல்ட்டில் கணக்கிட்டால் சூடான பக்கம் 52 டிகிரி, பெட்டி சுமார் 20, மாட்யூலின் செலவு 11 முதல் 12 வாட். முதலில் சொன்ன சோதனை இதனால்தான்.

வோல்டேஜைக் குறைக்க XL4015 போன்ற பக் கன்வர்ட்டர் போதும். மோட்டார் வேகம் குறைக்கும் பி.டபிள்யூ.எம். போர்டை மாட்டாதீர்கள். அது 12 வோல்ட்டைத்தான் விட்டுவிட்டுக் கொடுக்கிறது, கரண்டின் வர்க்கத்தில் வரும் சூடு அந்தத் துடிப்புகளில் முழு அளவில் இருக்கும். கன்வர்ட்டர் வாங்க மனமில்லையென்றால் இரண்டு மாட்யூலை அருகருகே வைத்து சீரிஸில் 12 வோல்ட் கொடுக்கலாம், ஆளுக்கு 6 வோல்ட் வரும். இரண்டும் சேர்ந்து 15 வாட் இழுத்து 25 வாட் தின்னும். நீங்கள் கேட்ட இரண்டாவது மாட்யூலுக்கு நியாயமான இடம் இது ஒன்றுதான். அப்போது ஹீட் சிங்க் 40 வாட்டைச் சமாளிக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பெட்டி குளிர்ந்ததும் மாட்யூலை முழுதாக அணைத்தால், K என்ற அந்த 0.5 வாட் வழி திறந்தே இருக்கும். 20 டிகிரி வித்தியாசத்துக்கு 10 வாட் வரை உள்ளே வரும், அதாவது எல்லாச் சுவர்களும் சேர்ந்து கசியவிடுவதைவிட அதிகம். கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் போல அணைத்து அணைத்துப் போடுவது இங்கே நஷ்டம். குளிர்ந்த பிறகு 5 வோல்ட்டுக்கு இறக்கி ஓடவிடுவதே மேல்.

பொருத்தும்போது மாட்யூலின் குளிர்ப் பக்கத்தில் 40 × 40 மி.மீ.-யில், 25 மி.மீ. தடிமனுள்ள அலுமினியக் கட்டி ஒன்றை வைத்து, அதன் மேல் உள் ஹீட் சிங்க்கைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் உள் சிங்க்கும் வெளி சிங்க்கும் 4 மி.மீ. இடைவெளியில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நிற்கும், நடுவில் இன்சுலேஷன் வைக்க இடமே இருக்காது. மாட்யூலைச் சுற்றி சிலிக்கோன் சீலன்ட் பூசிவிடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் குளிர்ப் பக்கம் நிச்சயம் வியர்க்கும், அந்தத் தண்ணீர் உள்ளே போனால் மாட்யூல் அரித்துப் போகும். சிங்க் இல்லாமல் மேஜையில் வைத்துச் சோதிப்பதையும் தவிர்க்கவும். இந்த மாட்யூல்களில் பெரும்பாலும் 138 டிகிரியில் உருகும் சால்டர்தான் இருக்கும்.

ஓடும்போது மூன்று இடங்களில் வெப்பநிலை பாருங்கள். வெளி சிங்க்கின் அடித்தட்டு அறையைவிட 15 டிகிரிக்கு மேல் போனால் சிங்க் சிறியது, அல்லது ஃபேன் தள்ளிய சூடான காற்றே சுற்றி வந்து மறுபடி உள்ளே போகிறது. உள் சிங்க் பெட்டிக் காற்றைவிட 8 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருந்தால் உள் ஃபேன் போதவில்லை. இரண்டும் சரியாக இருந்தும் பெட்டி குளிரவில்லையென்றால் மூடி ஓரத்தைத் தடவிப் பாருங்கள், சில்லென்று இருக்கும் இடம்தான் கசியும் இடம்.

இப்போது பேட்டரி. மாட்யூல் 17.4 வாட், கன்வர்ட்டர் இழப்போடு 19.5. வெளி ஃபேன் 2.4, உள் ஃபேன் 1. மொத்தம் 23 வாட். உங்கள் 7Ah பேட்டரியில் எழுத்தில் 84 வாட்-மணி இருக்கிறது. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால், கையில் இருப்பது 42. இரண்டு மணி நேரம்கூட முழுசாக வராது. இரவு முழுக்க ஓட வேண்டுமானால் 12.8V 20Ah லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி வேண்டும், அதில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தினால் 9 மணி நேரம் தாங்கும். 24 மணி நேரத்துக்கு 550 வாட்-மணி ஆகிறது. 100 வாட் சோலார் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளிலும் தருவது 400 முதல் 450 வரைதான்.

15-க்குப் பதில் 5 டிகிரி வேண்டுமென்றால், குளிர்ப் பக்கம் இன்னும் இறங்க வேண்டும், கூடுதல் வாட்டால் சூடான பக்கமும் ஏறும். அதனால் ΔT 49 ஆகி மாட்யூல் மட்டும் 43 வாட் கேட்கும். எல்லாம் சேர்த்து 50-ஐத் தாண்டும். இன்சுலின் போன்ற மருந்தை 35 டிகிரி வெயிலில் இந்தப் பெட்டியை நம்பி வைக்காதீர்கள்.

சூடான பாட்டிலை உள்ளே வைத்துக் குளிரவைப்பதும் இதன் வேலை இல்லை. இரண்டு லிட்டர் தண்ணீரை 35-லிருந்து 15-க்கு இறக்க 46 வாட்-மணி வெப்பத்தை எடுக்க வேண்டும். முதலில் வேகமாக இறங்கும், கடைசியில் கையிருப்பு 3 வாட்டுக்குச் சுருங்கிவிடுவதால் ஊர்ந்து போகும். மொத்தத்தில் 5 மணி நேரம் பிடிக்கும். வீட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்து எடுத்து வாருங்கள். பயணம் ஒரு பகல் மட்டும் என்றால், 1 கிலோ ஐஸ் உருகும்போது 93 வாட்-மணி வெப்பத்தை உறிஞ்சும். இதே 5 செ.மீ. பெட்டியில் அது சுமார் 10 மணி நேரம் வரும். அதே 10 மணி நேரத்துக்கு பெல்டியருக்கு 230 வாட்-மணி பேட்டரி சுமக்க வேண்டும்.