இறந்துபோன அம்மா இன்னும் நாமினியாக இருந்தால்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வொர்த் கோயிலில் எனக்குத் திருமணம் நடந்தது. ஹோம் அஃபேர்ஸில் இன்னும் பதியவில்லை. எட்டு லட்சம் ரேண்ட் ஆயுள் காப்பீடு, கம்பெனி பென்ஷன் இரண்டிலும் அம்மாதான் நாமினி. அவர் போன வருடம் தவறிவிட்டார். பேங்க் சேமிப்பும் இருக்கிறது. மனைவி பெயரை எங்கெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில்: காப்பீட்டை முதலில் பாருங்கள். இன்று உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், உயிரோடு நாமினி இல்லாததால் அந்தப் பணம் நீங்கள் விட்டுச்செல்லும் மொத்தச் சொத்தில், அதாவது எஸ்டேட்டில் போய்ச் சேரும். முதலில் கடன்காரர்கள் வருவார்கள். எஸ்டேட்டைப் பிரித்துக் கொடுக்கும் எக்ஸிகியூட்டரின் கட்டணம் சட்டப்படி 3.5 சதவீதம் வரை போகலாம். எட்டு லட்சத்துக்கு அது 28,000 ரேண்ட். எக்ஸிகியூட்டர் வாட் பதிவு செய்தவர் என்றால் இன்னும் 4,200. மனைவி நாமினியாக இருந்தால் பணம் நேராக அவர் கைக்கு வரும், இந்தக் கட்டணமும் இல்லை. காப்பீட்டுக் கம்பெனியிடம் நாமினி மாற்றும் படிவம் வாங்கி நிரப்பிக் கொடுங்கள். மாற்றியதற்கு எழுத்தில் உறுதி வரும் வரை விடாதீர்கள்.

பென்ஷன் சமாச்சாரம் வேறு. பென்ஷன் ஃபண்ட் சட்டத்தின் 37சி பிரிவுப்படி, படிவத்தில் நீங்கள் எழுதும் பெயர் ஃபண்டை நிர்வகிக்கும் டிரஸ்டிகளுக்கு ஒரு வழிகாட்டி மட்டுமே. உங்களை நம்பியிருந்தவர்கள் யார் யார் என்று அவர்கள் விசாரித்து, எது நியாயமோ அப்படிப் பிரிப்பார்கள். தேடிக் கண்டுபிடிக்க 12 மாதம் வரை ஆகலாம். மனைவி பெயர் படிவத்தில் இல்லாவிட்டாலும் அவரையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டம் மத முறைப்படி நடந்த திருமணத்தையும் ஏற்கிறது, அதனால் கோயில் கல்யாணம் செல்லும். ஆனால் நிரூபிக்க வேண்டியது அவர்தான்: குருக்களின் கடிதம், படங்கள், உறவினர் சத்தியக் கடிதம் என்று அலைய வேண்டும், அதுவும் துக்கத்தில் இருக்கும்போது. இப்போதே ஹோம் அஃபேர்ஸுக்குப் போய்ப் பதிவு செய்வது எப்படி என்று கேட்டுவிடுங்கள். பென்ஷன் படிவத்தில் மனைவியின் ஐடி எண்ணோடு, வேறு யாருக்காவது மாதாமாதம் பணம் கொடுத்து வந்தால் அதையும் எழுதுங்கள். டிரஸ்டிகள் அதைத்தான் தேடுவார்கள்.

அப்புறம், வேலை வழியாகக் கிடைக்கும் இறப்புக் காப்பீடு ஃபண்டுக்குள் இருக்கிறதா, தனியா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். தனி என்றால் அதற்குத் தனிப் படிவம் இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இந்தியாவில் இருப்பதுபோல பேங்க் சேமிப்புக்கு இங்கேயும் நாமினி முறை இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், கிடையாது. கணக்கு முடக்கப்பட்டு எஸ்டேட்டுக்குப் போகும். அதனால் உயில்தான் வழி. எல்லாம் அம்மாவுக்கே என்று பழைய உயில் ஏதாவது எழுதியிருந்தால், திருமணம் அதை ரத்து செய்யாது, புதிதாக எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் முன் நீங்கள் கையெழுத்திட வேண்டும். மனைவியைச் சாட்சியாகப் போடாதீர்கள், போட்டால் அவருக்கு எழுதி வைத்ததே கிடைக்காமல் போகலாம்.