வெஸ்டர்ன் பிளாட்டில் பேண்ட் வரவில்லையா, வேண்டாதது வருகிறதா? கேள்வி பதில்

சைட்டோகுரோம் சி பார்க்கிறேன். ராத்திரி முழுக்க 30 வோல்ட்டில் வெட் டிரான்ஸ்ஃபர், 0.45 மைக்ரான் நைட்ரோசெல்லுலோஸ். பான்சோவில் பேண்டுகள் நன்றாகத் தெரிகின்றன, ஃபிலிமில் ஒன்றுமில்லை. பிரைமரியை 1:200 வரை கூட்டியும் பலனில்லை.

ஆன்டிபாடியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பான்சோவில் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் மேலே இருக்கும் பெரிய புரதங்கள்தான். உங்களுடையது 14 கிலோடால்டன் பக்கம் ஓடுவது. அவ்வளவு நேரத்தில் அது அந்தத் துளைகள் வழியே மறுபக்கம் போயிருக்கலாம். அடுத்த முறை மெம்பிரேனுக்குப் பின்னால் இன்னொரு மெம்பிரேன் வைத்து, இரண்டையும் டெவலப் செய்யுங்கள். பின்னாலிருப்பதில் பேண்ட் வந்தால் சந்தேகமே இல்லை. பிறகு 0.2 மைக்ரான் பிவிடிஎஃப்புக்கு மாறி, அதை முதலில் மெத்தனாலில் நனைத்து, குளிரில் 100 வோல்ட்டில் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டுங்கள்.

மெத்தனால் இருந்தால் புரதம் ஜெல்லை விட்டு வராது என்கிறார்களே? நான் பஃபரில் அதைச் சேர்ப்பதே இல்லை.

150 கிலோடால்டனுக்கு மேல் என்றால் நீங்கள் சொல்வது சரி, குறைப்பது உதவும். சிறிய புரதத்துக்கு நேர்மாறு. மெத்தனால் புரதத்திலிருந்து எஸ்டிஎஸ்ஸைக் கழற்றுவதால்தான் அது மெம்பிரேனில் ஒட்டி நிற்கிறது. முந்தைய கேள்வியாளர் பஃபரிலிருந்து 20 சதவீத மெத்தனாலை நீக்கவே கூடாது.

எனக்கும் டிரான்ஸ்ஃபர் கோளாறுதான் போல. எலி கல்லீரலில் 50, 25 கிலோடால்டனில் கூடுதலாக இரண்டு பேண்ட். புரதம் சிதைகிறதா?

டிரான்ஸ்ஃபர் கூடுதல் பேண்டை உண்டாக்காது. உங்கள் பிரைமரி எலியில் தயாரித்ததா என்று பாருங்கள். அப்படியென்றால் அவை கல்லீரலில் தங்கிய ரத்தத்திலிருந்த ஆன்டிபாடியின் கன, இலகு சங்கிலிகள். செகண்டரி அவற்றையும் பிடிக்கிறது. ஒரு லேனை வெட்டி, பிரைமரி இல்லாமல் செகண்டரி மட்டும் போடுங்கள். அப்போதும் அதே இரண்டும் வந்தால் சிதைவு அல்ல. முயலில் தயாரித்த பிரைமரி கிடைத்தால் அதற்கு மாறுவதே நல்லது. கல்லீரலை எடுக்குமுன் பிபிஎஸ் செலுத்தி ரத்தத்தை வெளியேற்றினாலும் குறையும்.

பேண்டின் நடுவில் வெள்ளையாக ஓட்டை விழுகிறது. செகண்டரி 1:2000. இன்னும் கூட்டவா?

குறையுங்கள். அங்கே எச்ஆர்பி அளவுக்கு மீறி இருப்பதால் இசிஎல்லை நொடிகளில் எரித்துத் தீர்த்துவிடுகிறது. நீங்கள் படமெடுக்கும்போது வெளிச்சம் மிச்சமில்லை. மெம்பிரேனில் அதே இடம் பழுப்பாகியிருந்தால் அதுவே காரணம். 1:20000-இல் தொடங்குங்கள். செகண்டரி கரைசலில் சோடியம் அசைடு இருக்கவே கூடாது, அது எச்ஆர்பியைக் கொன்றுவிடும்.

பாஸ்போ-ஏகேடிக்குப் பால் கூடாது, பிஎஸ்ஏதான் என்கிறார்கள். எங்கள் லேபில் பாலில்தான் பிளாக் செய்கிறோம், நன்றாகவே வருகிறது.

வருகிறதென்றால் மாற்ற வேண்டாம். பாலிலுள்ள கேசீன் பாஸ்பேட் ஏறிய புரதம், அதனால் பின்னணி கூடும் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். ஆனால் எல்லா ஆன்டிபாடியிலும் அப்படி நடப்பதில்லை. சிலவற்றில் பால் சிக்னலையே மங்கச் செய்கிறது, சிலவற்றில் பிஎஸ்ஏ போட்டால் மெம்பிரேன் முழுக்கக் கறுக்கிறது. ஒரே லைசேட்டை இரண்டு துண்டாக்கி 5 சதவீதப் பாலிலும் 5 சதவீத பிஎஸ்ஏவிலும் வைத்துப் பார்த்துவிட்டு, எது வந்தது என்று இங்கே எழுதுங்கள். உங்கள் குளோன் எது என்பதையும் சேர்த்து.