தர்மபுரி பக்கம் பி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கோடையில் வெளிநாட்டு ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப் போய்வந்தால், பின்னாடி பிஎச்.டி. அட்மிஷனுக்கு நிஜமாகவே உதவுமா?

உதவும். சான்றிதழை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. அங்கே உங்கள் வேலையைக் கூடவே இருந்து பார்த்தவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்குத்தான் மதிப்பு.

எனக்குப் பென்னாகரம் பக்கம். எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறை இல்லாதவர்களைத் தெருவில் எண்ணிவிடலாம். அதனால் கல்லூரி ப்ராஜெக்டே ஃப்ளோரைடு நீக்குவதுதான். அதை வைத்து மூன்றாம் ஆண்டு செப்டம்பரில் கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். 12 வார வேலை. மே கடைசி வரை செமஸ்டர் பரீட்சை இருந்ததால், நேர்காணலிலேயே சொல்லி ஜூனில் தொடங்கக் கேட்டுக்கொண்டேன். ஏழாவது செமஸ்டரில் கொஞ்சம் அட்டெண்டன்ஸ் போனது, அது வேறு கதை.

லேபில் ஃப்ளோரைடை உறிஞ்சிக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா வழியாகத் தண்ணீரை விட்டு, மிச்சமிருக்கும் ஃப்ளோரைடை எலக்ட்ரோடால் அளக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் ரிசல்ட் பிரமாதம், கிட்டத்தட்ட எல்லாமே நீங்கிவிட்டது. அவ்வளவு நன்றாக வந்ததுதான் உறுத்தியது. வடிகட்டிய தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃப்ளோரைடை நானே சேர்த்து மறுபடி அளந்தேன். ரீடிங் ஒன்றேகால்தான் ஏறியது. அலுமினாவிலிருந்து கொஞ்சம் அலுமினியம் கரைந்து ஃப்ளோரைடைப் பிடித்து வைத்திருந்தது. எலக்ட்ரோடுக்குத் தனியாகத் திரியும் ஃப்ளோரைடு மட்டும்தான் தெரியும். அளக்கும்முன் தண்ணீரில் நான் கலந்த பஃபர் கரைசலில், அந்தப் பிடியை விடுவிக்கும் சி.டி.டி.ஏ. என்ற ரசாயனம் இல்லை. அதைச் சேர்த்ததும் என் பிரமாதமான எண்கள் எல்லாம் இறங்கிவிட்டன. 12 வாரத்தில் பேப்பரும் வரவில்லை. பெரும்பாலும் வராது.

பேராசிரியரை வாரம் ஒருமுறைதான் பார்ப்பேன். தினமும் கூட இருந்தவர் ஒரு பிஎச்.டி. அக்கா. இப்படிப்பட்ட இடத்தில் சும்மா இருந்தால் கடிதம் 'நல்ல பிள்ளை, கடின உழைப்பாளி' என்று இரண்டு பத்தியில் முடிந்துவிடும். அதனால் அக்டோபரில் பேராசிரியரிடம் கடிதம் கேட்டபோது, என்ன செய்தேன், எங்கே தப்பு கண்டுபிடித்தேன் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். அக்காவிடமும் பேராசிரியருக்கு என்னைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்கும், கெடு டிசம்பர். மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் போனால்தான் இதெல்லாம் நேரத்துக்கு ஒத்துவரும். நான்காம் ஆண்டு முடித்துப் போனால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

கடிதத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதுதான் அங்கே வழக்கம். விண்ணப்பக் கட்டுரையான எஸ்.ஓ.பி.யில் இடமில்லாமல் அந்த பஃபர் கதையை விட்டிருந்தேன். ஆனால் பிப்ரவரி நேர்காணலில் எடுத்த எடுப்பிலேயே வந்த கேள்வி: "ஃப்ளோரைடை நீங்களே சேர்த்துப் பார்க்கணும்னு எப்படித் தோன்றியது?"