நகச்சொத்தையும் சேற்றுப்புண்ணும்: எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?

புதுவயல், அரிசி ஆலை, வயது 56: ஆச்சி, பத்து வருஷமா சுகர். ரெண்டு பெருவிரல் நகமும் மஞ்சளாத் தடிச்சுப் போச்சு. மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டு முடிச்சேன். நகம் அப்படியே இருக்கு. மருந்து வேலை செய்யலையா?

நகத்தின் நுனியைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள். நகம் தோலிலிருந்து வெளியே வரும் இடத்தில் 3, 4 மில்லிமீட்டர் அளவுக்குச் சுத்தமான நகம் தெரிகிறதா? தெரிந்தால் மருந்து வேலை செய்கிறது.

கெட்டுப்போன நகத்தை எந்த மாத்திரையும் நல்ல நகமாக மாற்றாது. பூஞ்சை செத்த பிறகும் மஞ்சள் அப்படியே நிற்கும். கீழிருந்து வளரும் புது நகம் அதை முன்னால் தள்ளிக்கொண்டு போய், நீங்கள் வெட்டி எறிந்தால்தான் அது போகும். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகமும் மாற 12 முதல் 18 மாதம் பிடிக்கும். காலில் ரத்த ஓட்டம் குறைந்த சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் மெதுவாகத்தான் வளரும். மாத்திரைக்கு மூன்று மாதம், நகத்துக்கு ஒன்றேகால் வருடம். இந்த இரண்டு கணக்கையும் யாரும் பிரித்துச் சொல்லாததால்தான் பாதிப் பேர் மருந்து தோற்றுவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

என்னிடம் வந்த ஒரு கல்யாணச் சமையல்காரர் கதையைச் சொல்கிறேன். நாள் முழுக்க ஈரத்தரையில் நிற்பவர். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9.2. நகத்தைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம், பூஞ்சை இருந்தது. கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு டெர்பினாஃபின் 250 மி.கி. தினம் ஒன்று, 12 வாரம் கொடுத்தேன். அன்றைக்கே, நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் இடத்தில் நக அரத்தால் குறுக்கே லேசாக ஒரு கோடு போட்டுவிட்டேன். கோடு நகத்தோடு சேர்ந்து நகரும். மஞ்சள் எப்போதும் கோட்டுக்கு முன்னாலேயே இருந்தால் நல்லது. கோட்டைத் தாண்டி வேர்ப்பக்கம் திரும்பினால் பூஞ்சை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம் மாதம் அவரும் உங்களைப் போலத்தான் கேட்டார். ஆறாம் மாதம் இரண்டு நகத்திலும் ஏறக்குறைய பாதி வந்துவிட்டது. ஒன்பதாம் மாதம் இடது நகம் நன்றாகப் போய்க்கொண்டிருக்க, வலது நின்றுவிட்டது. அதில் நுனியிலிருந்து வேர் வரை கெட்டியாக ஒரு மஞ்சள் கோடு ஓடியது. நகத்துக்கு அடியில் பூஞ்சை மூட்டையாகக் கட்டிக்கொண்ட இடம் அது. மாத்திரை அதற்குள் போகாது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு இன்னும் ஒரு மாதம் மாத்திரை கொடுத்தேன். இடது 14 மாதத்தில் முழுதாக வந்தது. வலது ஒன்றரை வருடம் ஆகியும் ஓரத்தில் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் நானும் துரத்தவில்லை.

உங்கள் கால் மரத்துப் போயிருந்தால் அரத்தை நீங்கள் எடுக்காதீர்கள், வீட்டில் யாரையாவது போடச் சொல்லுங்கள்.

காரைக்குடி, செக்யூரிட்டி வேலை: பன்னெண்டு மணி நேரம் ஷூ. சுண்டுவிரல் இடுக்குல வெள்ளையா ஊறி அரிக்குது. கடையில ஒரு டியூப் கொடுத்தாங்க. ரெண்டே நாள்ல நின்னுச்சு, நிறுத்தினதும் திரும்ப வந்துடுச்சு.

அந்த டியூபின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெதசோன் என்ற பெயர் எதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், அதன் நிழலில் பூஞ்சை பரவும். குப்பையில் போடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது தோலையும் மெலிதாக்கி வெடிக்க வைக்கும்.

சேற்றுப்புண்ணுக்குக் கலப்பில்லாத டெர்பினாஃபின் க்ரீம் ஒரு வாரம், இரண்டு வாரம் போதும். க்ளோட்ரிமசோல் என்றால் தினம் இரண்டு வேளை, நான்கு வாரம். அரிப்பு நாலைந்து நாளில் நிற்கும். அப்போது நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வெள்ளை மறைந்த பிறகும் ஒரு வாரமாவது போடுங்கள், புண்ணைச் சுற்றி இரண்டு விரற்கடை சேர்த்துப் போடுங்கள்.

அப்புறம் ஷூ. இன்று போட்ட ஷூ நாளைக்குள் காயாது. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். உள்ளே இருக்கும் மெத்தையை உருவி வெளியே வையுங்கள். மத்தியானம் ஒரு முறை சாக்ஸ் மாற்ற முடிந்தால், க்ரீமை விட அதுவே பெரிய வைத்தியம். நகத்தையும் பாருங்கள். நகத்தில் பூஞ்சை இருந்தால் இடுக்கை எத்தனை முறை ஆற்றினாலும் அங்கிருந்து திரும்ப இறங்கும்.

தேவகோட்டை, மருந்துக்கடை, 20 வருஷ அனுபவம்: டாக்டர், 12 வாரத்தில் நிறுத்தச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நகம் முழுசா வெளுக்கும் வரை மாத்திரை ஓடணும். நிறுத்தினவங்கதான் என் கடைக்குத் திரும்பி வர்றாங்க.

திரும்பி வருவது உண்மை, அதை மறுக்கவில்லை. காரணம் வேறு. டெர்பினாஃபின் நகத்தில் ஊறி நிற்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் பல மாதம் நகத்துக்குள் மருந்து இருக்கும். அந்த நாட்களில் வளரும் நகம் மருந்தோடுதான் வருகிறது. ஒன்றரை வருடம் தொடர்ந்து கொடுப்பதில் கல்லீரலுக்குத்தான் சுமை.

உங்கள் கடைக்குத் திரும்பி வருபவர்களிடம் ஒன்று கேளுங்கள்: நகத்தைச் சுரண்டிப் பரிசோதித்தார்களா? தடித்த நகங்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையே இல்லை. ஷூ இடித்தது, சொரியாசிஸ், முதுமை என்று பல காரணம். இல்லாத பூஞ்சைக்கு எத்தனை மாதம் மாத்திரை கொடுத்தாலும் நகம் வெளுக்காது.

அதே மருந்துக்கடை: பரிசோதனை எல்லாம் சரி. ஆனா பூஞ்சைன்னு ரிப்போர்ட் வந்தவங்களுக்கும் திரும்ப வருதே? இப்ப படர்தாமரைக்கே டெர்பினாஃபின் கேட்க மாட்டேங்குது. சில டாக்டர்கள் மாசம் ஒரு வாரம் இட்ராகோனசோல் எழுதறாங்க, அது மேலன்னு நினைக்கிறேன்.

படர்தாமரையில் நீங்கள் சொல்வது சரி. டெர்பினாஃபினுக்கு அடங்காத பூஞ்சை நம் நாட்டில் பரவியிருக்கிறது, நானும் தினம் பார்க்கிறேன். அதனால் ஆறாம் மாதம் வேர்ப்பக்கம் சுத்தமான நகமே வரவில்லை என்றால், திரும்பச் சுரண்டி இந்த முறை பூஞ்சையை லேபில் வளர்த்துப் பார்க்க அனுப்ப வேண்டும். சிலருக்கு இன்னொரு சுற்று தேவைதான். அது அவரவர் நகத்தைப் பார்த்து முடிவு செய்வது, எல்லோருக்கும் பொது விதி இல்லை.

இட்ராகோனசோல் 200 மி.கி. இரண்டு வேளை, மாதம் ஒரு வாரம், மூன்று மாதம் என்பது நல்ல முறைதான். ஆனால் உங்களிடம் வரும் சர்க்கரைக்காரர் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவாரே? சிம்வாஸ்டாட்டினோடு அதைக் கொடுக்கவே கூடாது. இதயம் பலவீனமானவர்களுக்கும் கூடாது. சர்க்கரை உள்ளவருக்கு நான் டெர்பினாஃபினை முதலில் எடுப்பது அதனால்தான். இதில் மற்ற டாக்டர்கள் என்னோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

கானாடுகாத்தான்: நீங்க ரெண்டு பேரும் மாத்திரை பத்தியே பேசறீங்க. எங்க அப்பச்சிக்கு நகத்துக்குக் கொடுத்த மாத்திரையிலதான் அந்தக் காலத்துல மஞ்சள் காமாலை வந்துச்சு. எங்க வீட்டுல இனி யாருக்கும் வேண்டாம்.

அந்தக் காலம் என்றால் கீட்டோகோனசோலாக இருக்கலாம். கல்லீரலைக் கெடுக்கும் என்பதால்தான் அந்த மாத்திரையை இப்போது நகத்துக்குக் கொடுப்பதில்லை. டெர்பினாஃபினிலும் கல்லீரல் கெடுவது உண்டு, அரிதாக. சிறுநீர் கறுத்தால், சோறு வேண்டாமல் போனால், அன்றே நிறுத்திவிட்டு ரத்தம் பார்க்க வேண்டும். சிலருக்கு நாக்கில் ருசி போய்விடும், திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும்.

உங்கள் பயத்தைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். மாத்திரை வேண்டாம் என்றால் அமோரால்ஃபின் நகப்பூச்சு இருக்கிறது. வாரம் ஒரு முறை, ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை. ஒரு நகம், அதுவும் நுனிப்பக்கம் மட்டும் கெட்டிருந்தால் முயலலாம். வேர் வரை போயிருந்தால் பூச்சு மட்டும் போதாது.

பள்ளத்தூர்: நகச்சொத்தை எத்தனை நாளில் சரியாகும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை: ராத்திரி உப்புப் போட்ட சுடுதண்ணியில அரை மணி நேரம் கால் வைக்கிறேன். சுகர் இருக்கு. நல்லதுதானே ஆச்சி?

வேண்டாம். இன்றே நிறுத்துங்கள். கால் மரத்துப் போனவருக்குச் சூடு தெரியாது. தண்ணீரில் வெந்து கொப்புளம் போட்டு, ஒரு விரலையே எடுக்க வேண்டி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். பூஞ்சை நகத்துக்குள் இருக்கிறது, உப்புத்தண்ணீர் அங்கே போகாது. ஊற வைப்பதால் இடுக்கு இன்னும் ஈரமாகும், அவ்வளவுதான். பட்டறையில் நாள் முழுக்கத் தண்ணீரும் சிமெண்டும் படுகிற கால் அது. வீட்டுக்கு வந்ததும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு இடுக்காகத் துணியால் ஒற்றி எடுங்கள்.

கோட்டையூர்: எனக்கு விரல் இடுக்கு இல்ல, உள்ளங்கால் முழுக்க நாத்தம். ஷூவைக் கழட்டினா பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க. சேற்றுப்புண் க்ரீம் ஒரு மாசம் போட்டாச்சு.

உள்ளங்காலில் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னப் பள்ளம் இருக்கிறதா? இருந்தால் அது பாக்டீரியா. பூஞ்சைக் க்ரீமை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஷூ பற்றிச் செக்யூரிட்டி தம்பிக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

குன்றக்குடி: தைப்பூசத்துக்குப் பழநி நடந்துட்டு வந்ததிலிருந்து பெருவிரல் நகம் கறுப்பா இருக்கு. இதுவும் பூஞ்சைதானா? எனக்கும் சுகர்.

அடிபட்டு நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கும். சமையல்காரருக்குப் போட்டது போல அரத்தால் ஒரு கோடு இங்கேயும் போடுங்கள். கறுப்பு கோட்டோடு சேர்ந்து முன்னால் நகர்ந்தால் பயமில்லை. நகராமல் நின்றாலோ, தோலுக்கும் பரவினாலோ உடனே காட்டுங்கள், அது வேறு விஷயம்.

அடுத்த தைக்கு முன்னால் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி இல்லை என்றால் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்காதீர்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். இதில் எத்தனை பேர் என்னோடு சண்டைக்கு வந்தாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

காரைக்குடி: நகச்சொத்தைக்கு எத்தனை மாசம் மாத்திரை?

மேலே இருக்கிறது. பரிசோதனை செய்யாமல் ஒரு நாள் கூட வேண்டாம்.

ஊர் பெயர் போடாதவர்: அப்பாவுக்குச் சுகர், ரொம்ப நாளாச் சேற்றுப்புண். நேத்திலிருந்து கணுக்கால் வரை சிவந்து சூடா வீங்கியிருக்கு, காய்ச்சலும் இருக்கு. எந்த க்ரீம் போடலாம்?

க்ரீம் இல்லை. இடுக்கு வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கிறது. இதைப் படித்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள். சிவப்பு எதுவரை இருக்கிறது என்று பேனாவால் காலில் வரைந்துகொண்டு போங்கள், அங்கே பார்ப்பவருக்கு உதவும்.

புதுவயல், அரிசி ஆலை: ஆச்சி, வேர்ல ஒரு நெல்லு அகலத்துக்கு நல்ல நகம் தெரியுது. மகளை விட்டுக் கோடு போட்டாச்சு. எப்பப் பார்க்கணும்?

ஒரு மாதம் கழித்து, இதே தேதியில். இன்றைக்கே ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.