அத்தையைப் பற்றி நீங்களே பேச்செடுங்கள்

கேள்வி: என் வயது 39. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். செப்டம்பர் கடைசியில் என் மாமியார் மாரடைப்பால் திடீரென இறந்துவிட்டார். மனைவி ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்கு முந்தைய வாரமே அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும் என்று கேட்டாள். பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்று நான் சொன்னேன். இப்போது இரண்டு மாதம் ஆகிறது. அம்மாவும் மகளும் தினமும் இரவு ஒன்பது மணிக்குப் போனில் பேசுவார்கள். அந்த நேரம் வந்தால் இப்போது அவள் மாடிக்குப் போய்விடுகிறாள். ‘படுக்கையில் கிடக்காமல் நல்லபடியாகப் போனார்கள்’ என்றேன். ‘பிள்ளைகளுக்காகவாவது தேறி வா’ என்றேன். பதில் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அழக் கூடாது என்கிறார் என் அம்மா. நினைவுபடுத்தி அழவைக்க வேண்டாம் என்று நான் மாமியார் பேச்சையே எடுப்பதில்லை. போன வாரம் ‘உங்களுக்குப் புரியாது’ என்று மட்டும் சொன்னாள். என்ன சொல்லி அவளைத் தேற்றுவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: நினைவுபடுத்திவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள். அவர் மறந்திருந்தால்தானே நீங்கள் நினைவுபடுத்த முடியும்? பால் காய்ச்சும்போதும் புளி கரைக்கும்போதும் அம்மா அவருடன்தான் இருக்கிறார். நீங்கள் பேச்சை நிறுத்தியதால் அழுகை குறையவில்லை. அழுகிற இடம் மாடிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அவர் பக்கம் நின்று பாருங்கள்: காரியம் முடிந்தது, வீட்டுக்காரர் வேலைக்குத் திரும்பினார், அதன்பிறகு இந்த வீட்டில் அம்மாவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் கரிசனம் அவருக்கு மறதியாகத்தான் தெரியும்.

நீங்கள் சொன்ன ஆறுதல்களில் பொய் எதுவும் இல்லை. அத்தை படுக்கையில் கிடக்காமல் போனது உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ‘ஆகவே இவ்வளவு அழ வேண்டியதில்லை’ என்று இன்னொன்று நிற்கிறது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது வாக்கியம்தான் முதலில் கேட்கும். ‘பிள்ளைகளுக்காகத் தேறி வா’ என்பது இன்னும் மோசம். பிள்ளைகளின் சாப்பாடு, வீட்டுப்பாடம், சீருடை என்று ஏற்கெனவே சுமப்பவரிடம், தேறிக் காட்டுவதையும் ஒரு வேலையாகக் கொடுத்துவிட்டீர்கள்.

நம் ஊர்த் துக்க வீடுகளைக் கவனித்திருப்பீர்கள். போகிறவர்கள் நலம் விசாரிப்பதில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, ‘வருகிறேன்’ என்றுகூடச் சொல்லாமல் எழுந்துவிடுவார்கள். ஒப்பாரி வைக்கும் பெண்களோ இறந்தவரைப் பற்றியே பாடுவார்கள். அவர் யாரையெல்லாம் வளர்த்தார், யாருக்குச் சோறு போட்டார், எந்த வாசலில் நின்று வழியனுப்பினார் என்று ஒவ்வொன்றாக வரும். ‘தேறு’ என்று எந்த ஒப்பாரியும் தொடங்குவதில்லை. உங்களால் செய்ய முடிந்ததும் இவை இரண்டுதான்: சும்மா இருப்பது, அத்தையைப் பற்றிப் பேசுவது.

எதைப் பேசுவது என்று கேட்பீர்கள். அத்தையைப் பற்றி உங்களுக்கென்று சில நினைவுகள் இருக்கும், அவற்றிலிருந்து தொடங்குங்கள். ‘அத்தை எனக்குத் தோசை வார்க்கும்போது மட்டும் நெய்யை அளக்கவே மாட்டார்கள்.’ இப்படி ஒரு வரி போதும். உங்களுக்கும் அத்தைக்கும் நடுவில் உண்மையில் நடந்ததாக அது இருக்க வேண்டும். ‘தெய்வம் மாதிரி இருந்தார்கள்’ போன்ற பொதுப் புகழ்ச்சி வேண்டாம். அதைச் சாவு வீட்டிலேயே அவர் வேண்டிய அளவு கேட்டிருப்பார். நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேச வேண்டியதில்லை. துணி மடிக்கும்போது, வண்டியில் போகும்போது, கண் வேறெங்கோ இருக்கும் நேரத்தில் சொல்லுங்கள். சொன்ன பிறகு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் அழுதால் தண்ணீர் கொண்டுவர ஓடாதீர்கள், பக்கத்தில் இருங்கள். ‘இப்போது வேண்டாம்’ என்றால் விட்டுவிட்டு இன்னொரு நாள் பாருங்கள்.

ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய், சற்றுத் தள்ளி உட்காருங்கள். ‘அத்தை கூப்பிடுகிற நேரம்’ என்று சொன்னாலே போதும், அதுவும் முதல் நாள் மட்டும். அந்த நேரத்தை டிவியாலோ வெளியே அழைத்துப் போவதாலோ நிரப்ப முயலாதீர்கள். தனியாக இருக்க விரும்பினால் அவரே சொல்வார். அப்போது கீழே போய்ப் பாத்திரத்தைக் கழுவி வையுங்கள். ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்’ என்பது பலர் நல்லெண்ணத்தோடு சொல்வது. ஆனால் என்ன வேண்டும் என்று யோசிக்கிற தெம்புதான் அவரிடம் இப்போது இல்லை.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய காலாண்டுத் தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். என் கணிப்பில் ‘உங்களுக்குப் புரியாது’ என்பது அங்கிருந்து வந்திருக்கலாம். இரண்டு மாதமாக இருவரும் அதைச் சுற்றியே நடக்கிறீர்கள். அவர் சொல்லிவிட்டால் அது குற்றச்சாட்டாகிவிடும் என்று அவர் பேசவில்லை. எங்கே சொல்லிவிடுவாரோ என்று நீங்களும் பேசவில்லை. அந்தப் பேச்சு இல்லாமல் வேறு எந்த ஆறுதலும் அவருக்குள் இறங்காது. முதலில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்: ‘அத்தையைப் பார்க்கப் போக வேண்டும் என்று நீ கேட்டாய். தேர்வு முடியட்டும் என்று தடுத்தது நான். அதை நினைக்காத நாள் இல்லை. உன்னிடம் சொல்லப் பயமாக இருந்தது.’ இதோடு நில்லுங்கள். ‘ஆனால் இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்?’ என்ற அடுத்த வரி நாக்கின் நுனியில் வந்து நிற்கும். அது உண்மைதான் என்றாலும் நீங்கள் சொல்லக் கூடாது. என்றாவது அவர் தானே அங்கு வந்து சேரட்டும். மன்னிப்பும் கேட்டு வாங்காதீர்கள். கேட்டால், அம்மாவை இழந்த பெண் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். அவர் கோபப்பட்டால் அந்தக் கோபம் முழுவதும் வெளியே வரட்டும். இடையில் உங்கள் அம்மாவையோ, லீவு கிடைக்காததையோ சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

கோபம் அவர் மீதே திரும்பவும் கூடும். ‘நானே பஸ் ஏறிப் போயிருக்கலாம்’ என்பார். உடனே ‘உன் தப்பு இல்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பேச்சு அங்கேயே முடிந்துபோகும். அன்று நடந்ததை அவர் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். போன் வந்தபோது எங்கே இருந்தார், வழியெல்லாம் என்ன நினைத்துக்கொண்டு போனார், தெரு முனையில் கூட்டத்தைப் பார்த்தபோது என்ன ஆயிற்று. திடீர் மரணத்தில், கடைசி முகம் பார்க்கக் கிடைக்காதவர்கள் அந்த நாளைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஐந்தாவது முறை கேட்கும்போதும் முதல் முறை கேட்பதுபோலவே கேளுங்கள். சொல்லி முடித்த பிறகு உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சேர்க்கலாம். முந்தைய நாள் இரவுகூட அத்தை அவருடன் போனில் சிரித்துப் பேசியது உண்மையானால், அதைச் சொல்லுங்கள். இல்லாததை இட்டுக்கட்டாதீர்கள்.

ஒரு நாள் அவர் பிள்ளைகளோடு சிரித்து விளையாடுவார். அப்பாடா, தேறிவிட்டாள் என்று நீங்கள் மூச்சு விடும்போது மறுநாள் மீண்டும் மாடி. இதைக் கண்டு கலங்க வேண்டாம். மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற உளவியலாளர்கள் 1999இல் எழுதியது இதைத்தான்: துக்கம் படிப்படியாக இறங்குவதில்லை, மனம் இழப்பின் பக்கமும் அன்றாடத்தின் பக்கமுமாக மாறி மாறிப் போய்வருகிறது, அந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம். எனவே சிரிக்கிற நாளில் ‘பார், இப்படியே இரு’ என்று சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். படுக்கையிலும் கொஞ்ச காலம் நாட்டம் குறையலாம். அதை உங்கள் மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்ளாமல், கையைப் பிடித்துக்கொண்டு படுங்கள்.

உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும், மனைவி அருகில் இல்லாதபோது. பல குடும்பங்களில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தீட்டு மூன்றே நாள். ஆண்பிள்ளைக்குத்தான் வருஷம் முழுவதும் பண்டிகை இல்லை. சாஸ்திரக் கணக்கு எதுவாகவும் இருக்கட்டும், மூன்று நாளில் மகள் என்ற உறவு முடிந்துவிடாது. ‘அம்மா, அவள் அழட்டும். விளக்கை நான் வைக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். நீண்ட விளக்கமெல்லாம் தேவைப்படாது.

இன்னொரு காரியம் இந்த வாரமே செய்ய வேண்டியது. அத்தையின் செல்போன் மாமனார் வீட்டில் அலமாரியில் கிடக்கும். ரீசார்ஜ் செய்யாமல் சில மாதம் விட்டால் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். பிறகு ஒருநாள் மனைவி அந்த எண்ணை அழைத்து, முன்பின் தெரியாத குரலைக் கேட்க நேரும். எண்ணை உயிரோடு வையுங்கள். உங்கள் மனைவியின் போனில் இருக்கும் அத்தையின் குரல் பதிவுகளை அவர் சம்மதத்தோடு இன்னோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். கேட்பதும் கேட்காததும் அவர் விருப்பம். சேலைகளைப் பங்கு போடவோ தானம் கொடுக்கவோ ஊரில் யாராவது அவசரப்பட்டால், அவர் நேரில் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

மருத்துவ உதவி எப்போது தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்தில் அழுவது நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்துக்கு மேலும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஓராண்டுக்கு மேலும் தணியாமல், அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போடுகிற துக்கத்தைத்தான் தனி நோயாகக் கணக்கில் எடுக்கின்றன. ஆனால் அவர் நாள்கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தாலோ, ‘நானும் அம்மாவிடமே போய்விடுகிறேன்’ என்பதுபோலப் பேசினாலோ எந்தக் கெடுவுக்கும் காத்திருக்காதீர்கள். அப்படிப் பேசினால், சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. அவரைத் தனியாக விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்து தைப்பொங்கல் வருகிறது. பிறந்த வீட்டுப் பொங்கல் சீர் அம்மா கையால் வராத முதல் வருஷம். மைத்துனர் கொண்டுவருவாரா, மாமனாருக்கு அந்த நினைப்பு இருக்குமா என்பதெல்லாம் உங்கள் மனைவிக்கு இப்போதே மனதில் ஓடிக்கொண்டிருக்கும், வாய்விட்டுச் சொல்லமாட்டார். மார்கழி பிறந்ததுமே கேளுங்கள்: ‘பொங்கலுக்கு மாமாவோடு ஊரில் இருப்போமா, அவரை இங்கே அழைத்து வருவோமா, இந்த வருஷம் ஒன்றுமே வேண்டாமா?’ அவர் எதைச் சொன்னாலும் அதற்குத் தோதாக லீவு எழுதிக் கொடுங்கள். இந்த முறை பிள்ளைகளின் தேர்வை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.